கண் இமை வீக்கம், நுரைத்த சிறுநீர்: ஒரே ஒரு மாதிரியில் கிடைக்கும் விகிதம்

காலையில் எழும்போது பையனின் இரண்டு கண்ணும் உப்பியிருக்கும். இமையைத் திறக்கவே சிரமப்படுவான். பத்து மணிக்குள் பாதி வடிந்துவிடும். சாயங்காலம் பள்ளி விட்டு வரும்போது முகம் பழையபடி இருக்கும். ஆனால் சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலில் அதன் தடம் ஆழமாகப் பதிந்திருக்கும். வயது ஐந்து. அம்மா தூசி அலர்ஜி என்று நினைத்தார். முதலில் பார்த்த மருத்துவரும் அப்படியே நினைத்து, கண்ணுக்குச் சொட்டு மருந்தும் அலர்ஜி சிரப்பும் எழுதிக்கொடுத்தார். பத்து நாள் ஓடியது. அதற்குள் டிரவுசரின் எலாஸ்டிக் வயிற்றில் வரி வரியாகப் பதிய ஆரம்பித்துவிட்டது.

எங்கள் குழந்தைகள் பிரிவுக்கு வந்தபோது அம்மா கடைசியாகத்தான் ஒன்றைச் சொன்னார். "டாக்டர், இது சம்பந்தம் உண்டான்னு தெரியல. இவன் ஒண்ணுக்குப் போனா சோப்புத் தண்ணி மாதிரி நுரை நிக்குது. தண்ணி ஊத்தினாலும் போக மாட்டேங்குது."

சம்பந்தம் உண்டு. நாங்கள் கேட்கக் காத்திருப்பதே அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

இமையிலிருந்தே தொடங்குகிறேன். ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் இருக்கிறது. கல்லீரல் அதைத் தயாரிக்கிறது. ரத்தக் குழாய்க்குள் இருக்கும் நீரை வெளியே கசியவிடாமல் இழுத்துப் பிடித்துவைப்பது அதன் வேலைகளில் ஒன்று. சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகி அல்புமின் சிறுநீரில் வெளியேறினால், ரத்தத்தில் அதன் அளவு குறைகிறது. சிறுநீரகமும் உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் பிடித்துவைக்கத் தொடங்குகிறது. குழாயிலிருந்து கசிந்த நீர், திசு தளர்வாக இருக்கும் இடத்தில் தேங்குகிறது. உடம்பிலேயே மிகத் தளர்வான இடங்களில் ஒன்று கண் இமை. இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது நீர் முகத்துப் பக்கம் சேர்கிறது. எழுந்து நடமாடினால் காலுக்கு இறங்குகிறது. இடம் மாறுகிறதே தவிர, நீர் எங்கும் போய்விடவில்லை.

அலர்ஜியிலும் காலையில் இமை வீங்கலாம். ஆனால் அதில் அரிப்பு இருக்கும், கண் சிவக்கும், தண்ணீர் வழியும், தும்மலும் கூடவே வரும். அரிப்பே இல்லாமல் இமை உப்பி, மாலையில் வீக்கம் கணுக்காலுக்கு இறங்கி, எடையும் ஏறிக்கொண்டே போனால் கண்ணை விட்டுவிட்டுச் சிறுநீரைப் பார்க்க வேண்டும். இந்தப் பையனின் எடை பள்ளிப் பதிவேட்டில் 16 கிலோ. எங்கள் தராசில் 18.6. மூன்று வாரத்தில் இரண்டரைக் கிலோ சதை போட்டுவிட முடியாது. ஏறியது அத்தனையும் நீர்.

அடுத்தது நுரை. புரதம் கலந்த நீரைக் கலக்கினால் நுரைக்கும், நுரை சீக்கிரம் உடையாது. முட்டையின் வெள்ளைக்கருவை அடித்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். நம்முடைய சித்த மருத்துவத்தில் நீர்க்குறி பார்க்கும்போது நிறம், எடை, மணம், எஞ்சல் ஆகியவற்றோடு நுரையையும் ஒரு குறியாக வைத்திருக்கிறார்கள். ரொம்பக் காலமாகவே மனிதர்கள் கவனித்துவந்த அடையாளம் இது. ஆனால் நுரை ஒரு சந்தேகத்தைத்தான் எழுப்பும், தீர்ப்புச் சொல்லாது. வேகமாக விழும் சிறுநீரும் நுரைக்கும். தண்ணீர் குறைவாகக் குடித்த நாளில் அடர்ந்து போகும் சிறுநீரும் நுரைக்கும். கழிப்பறையில் ஊற்றிய ஆசிட், ஃபினாயில் மிச்சமிருந்தாலும் நுரை வரும். அந்த நுரையெல்லாம் பெரும்பாலும் ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். அடங்காமல், நாள் தவறாமல், ஒவ்வொரு முறையும் நிற்கிற நுரையைத்தான் கவனிக்க வேண்டும்.

சரி, சந்தேகம் வந்துவிட்டது. எப்படி அளப்பது?

முதலில் செய்வது பட்டைச் சோதனை. ஒரு பிளாஸ்டிக் பட்டையின் நுனியில் மஞ்சள் கட்டம் இருக்கும். சிறுநீரில் நனைத்து எடுத்தால், புரதம் இருக்கும் அளவுக்கு ஏற்ப அது பச்சையாக மாறும். டப்பாவின் மேல் அச்சடித்த நிறத்தோடு ஒப்பிட்டு இல்லை, லேசாக உண்டு, 1+, 2+, 3+, 4+ என்று படிக்கலாம். 1+ என்றால் டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லிக்கு, ஏறத்தாழ 30 மில்லிகிராம். 2+ என்றால் 100. 3+ என்றால் 300. மலிவானது, ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

அந்தப் பையனைக் கூட்டிவந்தது மதிய நேரம். வெயிலில் வந்தவனுக்கு அம்மா வழியில் இளநீர் வாங்கிக்கொடுத்திருந்தார், காத்திருந்த நேரத்தில் ஒரு பாட்டில் தண்ணீரும் குடித்திருந்தான். பட்டை 1+ காட்டியது. கூட வந்த எட்டு வயது அக்காவுக்கும் சும்மா பார்த்துவிடுங்கள் என்று அம்மா கேட்டார். அவள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை. அவளுடைய பட்டையும் 1+ காட்டியது. ஒருத்தனுக்கு உடம்பெல்லாம் வீக்கம், இன்னொருத்திக்கு ஒரு குறையும் இல்லை. பட்டை இரண்டு பேருக்கும் ஒரே நிறம்.

பட்டை பொய் சொல்லவில்லை. அது அளப்பது அடர்த்தியை. 100 மில்லி சிறுநீரில் எவ்வளவு புரதம் என்பதைத்தான் அது சொல்லும். ஆனால் நமக்குத் தெரிய வேண்டியது சிறுநீரகம் மொத்தத்தில் எவ்வளவு புரதத்தை ஒழுகவிடுகிறது என்பது. தண்ணீர் நிறையக் குடித்தால் அதே ஒழுக்கு நிறைய நீரில் கரைந்து, குறைவாகத் தெரியும். தண்ணீர் குடிக்காவிட்டால் எல்லோருக்கும் இயல்பாகவே போகும் சொற்பப் புரதம்கூடக் கொஞ்ச நீரில் திரண்டு, அதிகமாகத் தெரியும்.

இதைத் தாண்டுவதற்குப் பழைய வழி ஒன்று இருந்தது, இன்றும் சில இடங்களில் உண்டு. 24 மணி நேரச் சிறுநீரை ஒரு சொட்டு விடாமல் ஒரு கேனில் சேர்ப்பது. முழுசாகச் சேர்த்தால் அதைவிட நேரடியான அளவு இல்லை. ஆனால் முழுசாகச் சேருவதுதான் அபூர்வம். பெரியவர்களே வேலைக்குப் போன இடத்தில் ஒரு தடவை மறந்துவிடுவார்கள். ஐந்து வயதுப் பையன் பள்ளியில் எத்தனை தடவை போனான் என்று யாருக்குத் தெரியும்? படுக்கையில் போனதை எதில் பிடிப்பது? பாதி சேர்ந்த கேன் பாதி புரதத்தைத்தான் காட்டும். அது பாதிதான் என்று கேனைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.

இங்கேதான் கிரியேட்டினின் உள்ளே வருகிறது. தசைகள் தம் வேலையில் உண்டாக்கும் கழிவு அது. ஒரு மனிதனின் தசை நேற்றைக்கும் இன்றைக்கும் ஏறத்தாழ ஒரே அளவுதான் இருக்கும் என்பதால், அவன் உடம்பில் உண்டாகும் கிரியேட்டினினும் நாளுக்கு நாள் பெரிதாக மாறாது. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேற்றுகிறது, திரும்ப உள்ளே இழுத்துக்கொள்வதில்லை. குழாய் ஒன்று சீராக ஒழுகிக்கொண்டிருப்பது போல, கிரியேட்டினின் மணிக்கு மணி ஏறக்குறைய ஒரே வேகத்தில் சிறுநீருக்கு வந்துசேருகிறது. ஆகவே ஒரு கோப்பைச் சிறுநீரில் கிரியேட்டினின் குறைவாக இருந்தால், அந்தச் சிறுநீரில் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம். கூடுதலாக இருந்தால் சிறுநீர் அடர்ந்திருக்கிறது.

ரசத்தில் நீர் ஊற்றிவிட்டால் உப்பும் குறையும், புளிப்பும் குறையும். ஆனால் உப்புக்கும் புளிக்கும் உள்ள பொருத்தம் மாறாது. அதே போலத்தான். தண்ணீர் புரதத்தையும் கிரியேட்டினினையும் ஒரே மாதிரி நீர்க்கச் செய்கிறது. ஒன்றை இன்னொன்றால் வகுத்துவிட்டால் தண்ணீரின் கணக்கு அடிபட்டுப்போகிறது.

விகிதம் = சிறுநீர்ப் புரதம் ÷ சிறுநீர்க் கிரியேட்டினின்

அவ்வளவுதான் கணக்கு. இரண்டும் ஒரே அலகில் இருக்க வேண்டும், இரண்டும் ஒரே கோப்பையிலிருந்து வந்திருக்க வேண்டும்.

அக்கா, தம்பி இருவரின் மதியச் சிறுநீரையும் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். தம்பிக்குப் புரதம் டெசிலிட்டருக்கு 75 மில்லிகிராம், கிரியேட்டினின் வெறும் 13. வகுத்தால் 5.8. அக்காவுக்குப் புரதம் 30, கிரியேட்டினின் 180. வகுத்தால் 0.17. பட்டையில் ஒரே நிறம் காட்டிய இரண்டு சிறுநீருக்கும் நடுவில் முப்பது மடங்குக்கு மேல் வித்தியாசம்.

மறுநாள் காலை தம்பியின் முதல் சிறுநீரை வாங்கினோம். இரவு முழுக்கத் தண்ணீர் குடிக்காததால் அது நன்றாக அடர்ந்திருந்தது. பட்டை 3+ தாண்டியது. புரதம் 640, கிரியேட்டினின் 110. வகுத்துப் பாருங்கள், மறுபடியும் 5.8. புரதத்தின் அளவு எட்டு மடங்குக்கு மேல் ஏறியும் விகிதம் நகரவில்லை. இப்படி அச்சாக ஒத்துப்போவது எல்லா நாளும் நடக்காது, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் இந்தச் சோதனை எதற்காக என்பதை அந்த இரண்டு தாள்களைவிடத் தெளிவாக என்னால் காட்ட முடியாது.

இரண்டாவது தாளைப் பார்த்த பையனின் அப்பாவுக்குக் கை நடுங்கியது. "டாக்டர், கிரியேட்டினின் 110-னு போட்டிருக்கே. எங்க மாமாவுக்கு 6 வந்ததுக்கே டயாலிசிஸ்னு சொன்னாங்க."

இந்தப் பயம் அடிக்கடி வருகிறது, அதனால் விளக்கிச் சொல்கிறேன். மாமாவுக்குப் பார்த்தது ரத்தத்தில் உள்ள கிரியேட்டினின். ரத்தத்தில் அது தேங்கினால் சிறுநீரகம் கழிவைத் தள்ளவில்லை என்று பொருள். பெரியவர்களுக்கே அங்கே 1-ஐ ஒட்டித்தான் இருக்க வேண்டும். சிறுநீரில் இருப்பது வெளியேற்றப்பட்ட கிரியேட்டினின். அது நூற்றுக்கணக்கில் இருப்பது இயல்பு. சொல்லப்போனால், சிறுநீரகம் தன் வேலையைச் செய்கிறது என்பதால்தான் அது அங்கே இருக்கிறது. இந்தப் பையனின் ரத்தக் கிரியேட்டினின் 0.4. அப்பாவிடம் அந்த எண்ணைத் தனியாக வட்டம் போட்டுக் காட்டிய பிறகுதான் அவர் உட்கார்ந்தார்.

சரி, 5.8 என்றால் என்ன? இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைக்கு விகிதம் 0.2-க்குக் கீழே இருந்தால் இயல்பு. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை 0.5 வரை விட்டுவிடுகிறோம், அந்த வயதில் சிறுநீரகம் இன்னும் முதிர்ந்துகொண்டிருக்கிறது, தசையும் குறைவு. குழந்தைகளில் 2-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ அது நெஃப்ராட்டிக் அளவு. பெரியவர்களுக்கு அந்தக் கோடு 3 முதல் 3.5 வரை. அந்த அளவு ஒழுக்கும், ரத்தத்தில் குறைந்த அல்புமினும், உடல் வீக்கமும் சேர்ந்து வந்தால் அதற்கு நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் என்று பெயர். இந்தப் பையனின் ரத்த அல்புமின் டெசிலிட்டருக்கு 1.8 கிராம். 3.5-க்கு மேல் இருக்க வேண்டியது. மூன்றும் பொருந்தின.

ஒற்றைக் கோப்பையிலிருந்து ஒரு நாள் கணக்கை ஊகிக்கலாம் என்று 1983-ல் கின்ஸ்பர்க்கும் அவருடைய சகாக்களும் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் எழுதினார்கள். பெரியவர்களுக்கு அவர்கள் சொன்ன கோடுகளும் இவைதான்: 0.2-க்குக் கீழே இயல்பு, 3.5-க்கு மேலே நெஃப்ராட்டிக். எண் ஏன் கிராமோடு ஒத்துப்போகிறது என்றால், நடுத்தர உடம்புள்ள ஒரு பெரியவர் ஒரு நாளில் ஏறத்தாழ 1 கிராம் கிரியேட்டினினை வெளியேற்றுகிறார். 1 கிராம் கிரியேட்டினினுக்கு 3 கிராம் புரதம் என்றால் ஒரு நாளைக்கு 3 கிராம். விகிதமே நாள் கணக்காகிவிடுகிறது.

அந்த 1 கிராம் என்ற அனுமானத்தில்தான் இந்தச் சோதனையின் பலவீனமும் இருக்கிறது. எல்லோருக்கும் 1 கிராம் போவதில்லை. மூட்டை தூக்கும் வேலை செய்யும் கட்டுமஸ்தான ஒருவருக்கு 1.8 கிராம் போகலாம். அவருடைய விகிதம் 2 என்று வந்தால் பார்க்க நடுத்தரமாகத் தெரியும். உண்மையில் அவர் ஒரு நாளைக்கு 3.6 கிராம் இழந்துகொண்டிருக்கிறார், அது நெஃப்ராட்டிக் அளவு. எதிர்ப்பக்கம், வயதாகி மெலிந்த பாட்டி ஒருவருக்கு நாளைக்கு 0.6 கிராம்தான் போகும். அவருக்கு 4 என்று வந்தால் பயமாக இருக்கும், ஆனால் இழப்பு 2.4 கிராம். தசை அதிகம் உள்ளவரின் நோயை விகிதம் குறைத்துக் காட்டும், தசை குறைந்தவரின் நோயைப் பெருக்கிக் காட்டும். எண் கோட்டை ஒட்டி விழும் ஆட்களிடத்தில்தான் இது முக்கியம். 0.1 வந்தவருக்கும் 8 வந்தவருக்கும் தசையை வைத்து முடிவு மாறப்போவதில்லை.

குழந்தைகளிடம் விகிதத்தை நேரடியாகக் கிராமாகப் படிக்கவே கூடாது. இந்தப் பையன் ஒரு நாளில் வெளியேற்றும் கிரியேட்டினினே கால் கிராமை ஒட்டித்தான் இருக்கும். 5.8 என்றதும் ஆறு கிராம் புரதம் போகிறது என்று பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை, ஏறத்தாழ ஒன்றரைக் கிராம். ஆனால் அந்தச் சின்ன உடம்புக்கு அதுவே மிக அதிகம். குழந்தைகளுக்கான 2 என்ற கோடு அவர்கள் உடம்பின் அளவைக் கணக்கில் வைத்துத்தான் வகுக்கப்பட்டது.

இன்னொரு குழப்பம் அலகில் வருகிறது. ஒரு ஆய்வகம் mg/mg என்று போட்டு 5.8 என்று தரும். அடுத்த தெருவில் இருப்பது mg/g என்று போட்டு 5800 என்று தரும். இரண்டும் ஒன்றேதான். பிரிட்டன் போன்ற நாடுகளில் mg/mmol வழக்கம், அதில் இதே விகிதம் 650-ஐ ஒட்டி வரும். ஆய்வகம் மாறியதும் நோய் ஆயிரம் மடங்கு ஏறிவிட்டதாகக் கலங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எண்ணைப் படிக்கும் முன் பக்கத்திலிருக்கும் அலகைப் படியுங்கள். சில தாள்களில் புரதம் லிட்டருக்கும் கிரியேட்டினின் டெசிலிட்டருக்கும் அச்சாகியிருக்கும். அதைப் பார்க்காமல் கையால் வகுத்தால் பத்து மடங்கு தவறிவிடும், 5.8 வர வேண்டிய இடத்தில் 58 வரும். 58 என்பது நம்ப முடியாத எண். அப்படி ஒன்று வந்தால் முதலில் அலகைச் சந்தேகிக்க வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளுக்குச் செய்யும் அல்புமின் கிரியேட்டினின் விகிதமும் தாளில் இதே போலத் தோன்றும். அது வேறு சோதனை, மிகச் சிறிய ஒழுக்கைத் தொடக்கத்திலேயே பிடிப்பதற்கானது. இரண்டின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஏறியது, இறங்கியது என்று பேச முடியாது. பட்டைக்கும் விகிதத்துக்கும் உள்ள ஒரு வேறுபாட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பட்டை முக்கியமாக அல்புமினைத்தான் உணரும். புரத விகிதம் எல்லாப் புரதங்களையும் எண்ணும். வயதானவர் ஒருவருக்குப் பட்டையில் ஒன்றுமில்லை, ஆனால் விகிதம் உயர்ந்திருக்கிறது என்றால், போவது அல்புமின் அல்லாத வேறொரு புரதம். எலும்பு மஜ்ஜையில் வரும் மைலோமா என்ற புற்றுநோயில் அப்படி நடக்கும். அந்த முரண்பாட்டை ஆய்வகத் தவறு என்று ஒதுக்கிவிடக் கூடாது.

இனி மாதிரி எடுப்பது. காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர்தான் சிறந்தது. அது அடர்ந்திருக்கும் என்பது ஒரு காரணம், ஆனால் பெரிய காரணம் வேறு. வளரும் பிள்ளைகள் சிலருக்குப் படுத்திருக்கும்போது புரதமே போகாது, நின்று நடமாடும்போது மட்டும் போகும். அது தீங்கற்றது. பகலில் எடுத்த மாதிரியில் அவர்களுக்கு 0.8, 1 என்று வந்து வீட்டையே கலக்கிவிடும். காலை முதல் சிறுநீரில் பார்த்தால் 0.1 வரும். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு, பலர் தவறவிடுவது இதைத்தான். இரவு படுக்கப்போகும் முன் சிறுநீர்ப்பையைக் காலி செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாலையில் நடமாடியபோது சேர்ந்ததும் காலை மாதிரியில் கலந்துவிடும். எழுந்து பல் தேய்த்து, வீட்டைச் சுற்றி வந்த பிறகு எடுப்பதும் கூடாது. எழுந்ததும் நேரே போக வேண்டும்.

தொடக்கத்தில் வருவதைக் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்தால் போதும், பத்து மில்லிக்கு மேல் தேவையில்லை. ஆய்வகம் கொடுத்த டப்பாவிலேயே பிடியுங்கள். சோப்புப் போட்டுக் கழுவிய பழைய பாட்டில் வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வையுங்கள். காய்ச்சல் அடிக்கும் நாளிலும், சிறுநீர்த் தொற்று இருக்கும்போதும், மாதவிலக்கின்போதும், முந்தின நாள் கடுமையாக ஓடி விளையாடியிருந்தாலும் எண் தற்காலிகமாக ஏறலாம். வீக்கமே இல்லாமல் இந்தச் சமயங்களில் 0.4, 0.6 வந்தால் இரண்டு வாரம் கழித்து மறுபடியும் பார்த்துவிட்டுப் பேசலாம். ஆனால் இமை வீங்கி, எடை ஏறி, நுரையும் நிற்கிற குழந்தைக்கு நல்ல காலை மாதிரிக்காக நாள் தள்ளக் கூடாது. எந்த நேரத்து மாதிரியானாலும் அங்கே பதில் கிடைத்துவிடும். இந்தப் பையனின் மதியச் சிறுநீரே அதைச் சொல்லிவிட்டதே.

விகிதத்தால் சொல்ல முடியாதது ஏன் ஒழுகுகிறது என்பது. அதற்கு வேறு இடங்களில் தேட வேண்டும். இந்தப் பையனின் சிறுநீரை நுண்ணோக்கியில் பார்த்தபோது சிவப்பணு இல்லை. ரத்த அழுத்தம் அவன் வயதுக்குச் சரியாக இருந்தது. கொழுப்பு 420. வயது ஐந்து. இவை நான்கும் சேர்ந்தால், குழந்தைகளில் மிகச் சாதாரணமாக வரும், பயாப்ஸி செய்யாமலே ஸ்டீராய்டு தொடங்கக்கூடிய வகை என்று ஊகிக்கலாம். சிறுநீர் கோக் நிறத்தில் போயிருந்தாலோ, ரத்த அழுத்தம் ஏறியிருந்தாலோ கதை வேறு. சிரங்கோ தொண்டை வலியோ வந்த பிறகு அப்படி வரும் சிறுநீரக அழற்சியில் விகிதம் 1, 1.5 என்று சாதுவாகத்தான் இருக்கும். ஆனால் வீக்கம் குறைவாக இருந்தாலும் அங்கே அவசரம் அதிகம், ஏறிய அழுத்தம் வலிப்பில் கொண்டுபோய் விடலாம். பெரிய எண்தான் பெரிய ஆபத்து என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்காகச் சொல்கிறேன். பெரியவர் ஒருவருக்கு 5.8 வந்தால் சர்க்கரை நோய், லூபஸ், சிறுநீரக வடிகட்டியின் சவ்வு தடிக்கும் நோய் என்று பட்டியல் மாறும், பெரும்பாலும் பயாப்ஸியும் தேவைப்படும். அவர் முகத்துக்கு என்ன கிரீம் பூசுகிறார் என்றும் நான் கேட்கச் சொல்வேன். பாதரசம் கலந்த சிவப்பழகு கிரீம்களால் இப்படிப் புரதம் ஒழுகியவர்களைக் கேரள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

எண் எதுவானாலும் சில அறிகுறிகள் காத்திருக்காது. வயிற்று வலியோடு காய்ச்சல், மூச்சு வாங்குதல், சிறுநீர் வெகுவாகக் குறைதல், ஒரு கால் மட்டும் வலித்து வீங்குதல், தலைவலியோடு வாந்தி. ஒழுகிப்போகும் புரதத்தில் கிருமியை எதிர்ப்பதும் உண்டு, ரத்தம் உறையாமல் காப்பதும் உண்டு. அதனால்தான் வயிற்றுத் தொற்றும் ரத்தக் கட்டியும் இந்த நோயில் எளிதில் வருகின்றன. இவற்றில் ஒன்று வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

பையனுக்குப் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடங்கினோம். இந்தியக் குழந்தைகள் சிறுநீரகவியல் சங்கத்தின் 2021 வழிகாட்டுதல்படி முதல் முறைக்கு ஆறு வாரம் தினமும், அப்புறம் ஆறு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். அந்த நாட்களில் தினமும் விகிதம் பார்க்கவில்லை. நோயின் அளவு என்ன என்று ஒரு முறை உறுதியான பிறகு, போகிற திசையைக் காட்டப் பட்டையே போதும், ஆனால் அதைக் காலை முதல் சிறுநீரில் மட்டுமே வைக்க வேண்டும். நேரம் ஒன்றாக இருந்தால் அடர்த்தியும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும், பட்டையின் குறை பெருமளவு சரியாகிவிடும். அம்மாவுக்குப் பட்டையைப் படிக்கக் கற்றுக்கொடுத்தோம். ஒரு பள்ளி நோட்டில் தேதி, பட்டை, எடை என்று மூன்று கோடு போட்டுக்கொடுத்தோம்.

ஒன்பதாம் நாள் வரை 3+, 3+ என்றே ஓடியது. நடுவில் ஒருநாள் வெளியே பார்த்த விகிதம் 4.9 என்று வந்ததும் அப்பா சந்தோஷப்பட்டார். 5.8-க்கும் 4.9-க்கும் இடையில் மகிழவும் ஒன்றுமில்லை, அழவும் ஒன்றுமில்லை. ஒரே மனிதனிடம் நாளுக்கு நாள் அந்த அளவு ஏற்ற இறக்கம் இயல்பு. பாதிக்கும் கீழே விழுந்தால்தான் ஏதோ நடக்கிறது என்று நான் நம்புவேன். பத்தாம் நாள் 1+ ஆனது. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு, மூன்று நாளும் இல்லை. தொடர்ந்து மூன்று நாள் பட்டை சுத்தமாக இருந்தால் ஒழுக்கு நின்றது என்று கொள்கிறோம். அன்றைக்கு மறுபடியும் ஒரு விகிதம் பார்த்தோம், 0.14. எடை 16.1.

ஏழு மாதம் கழித்து அவனுக்குச் சளி பிடித்தது. மூன்றாம் நாள் பட்டை 2+. அம்மா பதறிப்போய்த் தொலைபேசியில் கூப்பிட்டார், மாத்திரையை ஆரம்பிக்கட்டுமா என்று கேட்டார். நோட்டில் முந்தைய நாட்களைப் படிக்கச் சொன்னேன். இல்லை, இல்லை, லேசாக உண்டு, 2+. இமை வீங்கவில்லை, எடை ஏறவில்லை. தொடர்ந்து மூன்று நாள் 3+ வந்தால்தான் நோய் திரும்பியது என்று பெயர். "இப்போதைக்கு மாத்திரை வேண்டாம்மா. தினமும் காலையில பட்டை மட்டும் வைங்க, எடையும் பாருங்க" என்றேன். மறுநாள் 1+, அதற்கு மறுநாள் லேசாக உண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை இல்லை.